தோற்றவர்களின் கவரைப் பிரித்துப் பாருங்கள்: டெண்டர் கூட்டுச்சதியைத் தணிக்கையில் அடையாளம் காண்பது எப்படி?

"டெண்டரில் முறைகேடு" என்ற செய்தி வராத வாரம் இல்லை. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறான இரண்டு தவறுகளை நாம் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று, அதிகாரி செய்வது: வேண்டியவருக்குப் பொருந்தும்படி நிபந்தனை எழுதுவது, லஞ்சம் வாங்குவது, கெடு முடிந்த பின் கவரை மாற்றுவது. மற்றொன்று, போட்டியிட வேண்டியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது. இந்த இரண்டாவது தவறில் அலுவலகத்தில் இருக்கும் அத்தனை பேரும் நேர்மையானவர்களாக இருக்கலாம். விளம்பரம் முறையாக வந்திருக்கும், கவர்கள் சாட்சிகள் முன்னிலையில் திறக்கப்பட்டிருக்கும், குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போயிருக்கும். கோப்பில் ஒரு குறையும் தெரியாது. ஆனாலும் மக்கள் பணம் போயிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தவறைப் பற்றியது. சட்டம் இதைக் கூட்டு ஏலச்சதி என்ற பொருளில் குறிப்பிடுகிறது. ஒப்பந்தக்காரர்கள் வட்டாரத்தில் இதற்கு 'சிண்டிகேட்' என்று பெயர். தணிக்கைக்குப் புதிதாக வருபவர்களும், ஊராட்சி, நகராட்சிக் கணக்குகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படிப்பவர்களும் இதை எங்கே தேடுவது என்று தெரியாமல் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் வென்றவரின் காகிதங்களையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தடயம் பெரும்பாலும் தோற்றவர்களின் காகிதங்களில் இருக்கிறது.

## புளியமர ஏலத்திலிருந்து தொடங்குவோம்

சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஒரு வரிசை மரங்களில் இந்த ஆண்டு ₹60,000 பெறுமான புளி காய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வியாபாரிகள் வருகிறார்கள். உண்மையாகப் போட்டி போட்டால் ஏலம் ₹50,000 வரை ஏறும். அதற்கு மேல் போனால் உலுக்கும் கூலியும் வண்டி வாடகையும் கட்டாது.

ஆனால் ஏலத்துக்கு முந்தைய நாள் ஐவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். "இந்த வரிசை உனக்கு, அடுத்த வரிசை எனக்கு" என்று முடிவாகிறது. மறுநாள் ஒருவர் ₹25,000 கேட்கிறார். இன்னொருவர் ₹24,000 வரை வந்து நிறுத்திக்கொள்கிறார். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கலைகிறார்கள். ஏலம் நடந்தது, ஆட்கள் வந்தார்கள், அதிகம் கேட்டவருக்குப் போனது. பதிவேட்டில் எல்லாம் சரி. ₹25,000 மட்டும் ஊருக்கு வரவில்லை. அந்தப் பணத்தை ஐவரும் பிறகு பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அல்லது அடுத்தடுத்த வரிசைகளை எடுத்து ஈடுகட்டிக்கொள்கிறார்கள்.

டெண்டர் இதன் தலைகீழ் வடிவம். ஏலத்தில் அதிகம் கேட்பவர் வெல்கிறார், டெண்டரில் குறைவாகக் கேட்பவர் வெல்கிறார். ஏலத்தில் கூட்டு சேர்ந்தால் விலை இறங்கும், டெண்டரில் கூட்டு சேர்ந்தால் விலை ஏறும். உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான்.

## நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்

ஒரு வேலைக்கு என்ன விலை என்று ஒப்பந்தக்காரர் முத்திரையிட்ட கவரிலோ, இணையவழியிலோ தரும் விலைக்கேட்புதான் ஒப்பந்தப்புள்ளி. அந்த வேலைக்கு என்ன செலவாகும் என்று பொறியாளர் முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு மதிப்பீடு. விளையாட்டுக்கு விலை கேட்டுவிட்டு ஓடிவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் கட்டும் பிணைப்பணம் முன்வைப்புத் தொகை. தோற்றவர்களுக்கு இது திரும்பக் கிடைக்கும். குறைந்த விலை கேட்டவரை எல்லா அலுவலகங்களிலும் எல்-1 என்றே சொல்வார்கள். அடுத்தவர்கள் எல்-2, எல்-3.

சிண்டிகேட்டின் வேலை, எல்-1 யார் என்பதைக் கவர் திறக்கும் முன்பே முடிவு செய்வது. மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதல் விலை எழுதிக் கொடுக்கலாம். இதுதான் டம்மி டெண்டர். அல்லது கலந்துகொள்ளாமலே ஒதுங்கிக்கொள்ளலாம். அல்லது கையொப்பமிடாத தாள், காலாவதியான பதிவுச் சான்று என்று தள்ளுபடி ஆகும்படியான கவரைத் தரலாம். இந்த உதவிக்குக் கைம்மாறாக அடுத்த வேலை அவர்களுக்கு வரும், அல்லது இதே வேலையில் ஒரு பகுதி துணை ஒப்பந்தமாக வரும்.

டம்மி எதற்குத் தேவை? ஒரே ஒரு கவர் வந்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார், மறு டெண்டர் விடச் சொல்வார். மூன்று கவர் இருந்தால் போட்டி நடந்ததாகக் கோப்பு காட்டும். புனே மாநகராட்சியின் திடக்கழிவு பதப்படுத்தும் ஆலைகளுக்கான டெண்டர்களில் எண்ணிக்கை காட்டுவதற்காகவே சில நிறுவனங்கள் நிறுத்தப்பட்டன என்று, வணிகத்தில் போட்டியைக் குலைக்கும் கூட்டுகளை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் முடிவு செய்தது. அங்கே புகார் கொடுத்தது நாகரிக் சேதனா மஞ்ச் என்ற குடிமக்கள் அமைப்பு. விசாரணை தொடங்கிய பின் சம்பந்தப்பட்ட நிறுவனங்களே உண்மையைச் சொல்லித் தண்டனைக் குறைப்புக் கேட்டன.

இதுவரை பார்த்ததன் சாரம் இவ்வளவுதான்: கவர்களின் எண்ணிக்கை போட்டிக்குச் சான்றாகாது. டம்மி கவரும் ஒரு கவராகவே எண்ணப்படும். ஆகவே தணிக்கையாளர், "எத்தனை பேர் வந்தார்கள்?" என்பதோடு நிற்காமல், "தோற்றவர் உண்மையிலேயே ஜெயிக்க நினைத்தாரா?" என்று கேட்க வேண்டும். அதை அவருடைய விலையே சொல்லிவிடும்.

## ஒரு மழைநீர் வடிகால், மூன்று விலைகள்

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நகராட்சி ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்ட டெண்டர் விடுகிறது. மதிப்பீடு ₹32,20,000. மூன்று ஒப்பந்தக்காரர்கள் வருகிறார்கள். அவர்களை அ, ஆ, இ என்று அழைப்போம்.

அ கேட்டது ₹33,72,000. ஆ கேட்டது ₹35,40,600. இ கேட்டது ₹36,41,760. மதிப்பீட்டைவிட அ 4.7 விழுக்காடு கூடுதல், ஆ 10 விழுக்காடு, இ 13.1 விழுக்காடு. அ தான் எல்-1. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இதில் சொல்ல எதுவும் இல்லை. பெரும்பாலான கோப்புகளில் ஒப்பீட்டு அட்டவணை இந்த மொத்தத் தொகையோடு நின்றுவிடுகிறது. நாம் ஒரு படி கீழே இறங்கி, ஒவ்வொரு இனத்துக்கும், அதாவது வேலையின் ஒவ்வொரு பகுதிக்கும், அவர்கள் எழுதிய விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

| இனம் | அளவு | அ (₹) | ஆ (₹) | இ (₹) |
|---|---|---|---|---|
| மண் தோண்டுதல், ஒரு கன மீட்டர் | 600 | 240 | 252 | 259.20 |
| அடித்தளக் கான்கிரீட், ஒரு கன மீட்டர் | 60 | 5,400 | 5,670 | 5,832 |
| இரும்புக் கம்பி, ஒரு கிலோ | 9,000 | 84 | 88.20 | 90.72 |
| சுவர் கான்கிரீட், ஒரு கன மீட்டர் | 180 | 7,600 | 7,980 | 8,208 |
| பலகை அடைத்தல், ஒரு சதுர மீட்டர் | 1,200 | 650 | 682.50 | 702 |

ஒரு கால்குலேட்டரை எடுத்து 252ஐ 240ஆல் வகுத்துப் பாருங்கள். 1.05 வரும். 5,670ஐ 5,400ஆல் வகுத்தாலும் 1.05. கம்பிக்கும் 1.05, பலகைக்கும் 1.05. இ எழுதிய விலைகளை அ எழுதியதால் வகுத்தால் எல்லா இனத்திலும் 1.08. அதாவது ஆவும் இயும் தங்கள் செலவைக் கணக்குப் போடவே இல்லை. அவர்கள் கையில் இருந்தது அ எழுதிய விலைப்பட்டியல். அதை ஒரே எண்ணால் பெருக்கி நிரப்பியிருக்கிறார்கள். கம்பி ஒரு கிலோ ₹90.72 என்று பைசாக் கணக்கில் எழுதும் ஒப்பந்தக்காரரை நான் கண்டதில்லை. கையால் கணக்குப் போடுபவர் ₹90 என்பார், ₹91 என்பார். அந்த 72 பைசா ஒரு பெருக்கலின் எச்சம்.

உண்மையான போட்டி எப்படி இருக்கும் என்று யோசித்தால் இதன் விபரீதம் இன்னும் நன்றாகப் புரியும். ஒருவரிடம் சொந்தமாகப் பொக்லைன் இருக்கும். மண் தோண்டுவதற்கு அவர் ₹205தான் கேட்பார். இன்னொருவருக்குக் கல் குவாரி பக்கத்தில் இருக்கும். அவருடைய கான்கிரீட் விலை குறையும். மூன்றாமவர் வேறு வேலையில் மிஞ்சிய இரும்புப் பலகைகளை வைத்திருப்பார். அடைப்பு விலையை அவர் இறக்குவார். ஆகவே ஒரு இனத்தில் முந்துபவர் இன்னொரு இனத்தில் பின்தங்குவார். விலைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மேலே உள்ள அட்டவணையிலோ ஒரு கோடு இன்னொன்றைத் தொடக்கூட இல்லை. மூன்றும் தண்டவாளம்போல இணையாக ஓடுகின்றன.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தெரியாமல் பயன்படுத்தினால் அப்பாவிகளின் மேல் பழி விழும். சில டெண்டர்களில் இனவாரியாக விலை கேட்க மாட்டார்கள். "மதிப்பீட்டைவிட எத்தனை விழுக்காடு கூடுதல் அல்லது குறைவு?" என்று ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பார்கள். அந்த முறையில் எல்லோருடைய விலையும் இயல்பாகவே ஒரே விகிதத்தில்தான் அமையும். அங்கே இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. இனவாரி விலை கேட்ட டெண்டரிலும், ஒவ்வொரு இனத்துக்கும் அரசு நிர்ணயித்து வெளியிடும் விலைப்பட்டியலை எடுத்து எல்லா இனத்துக்கும் ஒரே விழுக்காடு கூட்டி எழுதும் சோம்பேறி ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூவரின் விலைகளையும் அரசு விலைப்பட்டியலாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அ எழுதிய விலை பட்டியலின் பெருக்கமாக இல்லாமல், ஆவும் இயும் எழுதியவை அ எழுதிய விலையின் பெருக்கமாக மட்டும் இருந்தால்தான் அடையாளம் வலுவானது. அ எழுதிய விலையை, கவர் திறக்கும் முன் ஆ பார்த்திருக்க வழியே இல்லையே!

## காகிதங்கள் சொல்லும் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் தணிக்கைக்கு உட்கார்ந்திருந்தேன். சிறிய சாலைப் பணி. மூன்று கவர்கள். முன்வைப்புத் தொகைக்காக மூவரும் கொடுத்த வங்கி வரைவோலைகளின் நகல்கள் கோப்பின் வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது ஒழுங்காகவே இருந்தது. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரே வங்கிக் கிளை, ஒரே தேதி, கடைசி இரண்டு இலக்கங்கள் 41, 42, 43.

இது ஏன் நடக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. டம்மியாக வருபவர் தன் பணத்தை முடக்க விரும்ப மாட்டார். "நீ கட்டிவிடு, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பார். ஜெயிக்கப்போகிறவர் மூன்று பேருக்கும் சேர்த்து வங்கிக்குப் போகிறார். காசாளர் அடுத்தடுத்த தாள்களைக் கிழித்துக் கொடுக்கிறார்.

கட்டும் இடத்தைவிடப் பணம் திரும்பும் இடம் இன்னும் தெளிவாகப் பேசும். அதே கோப்பைத் தொடர்ந்து முன்வைப்புத் தொகைப் பதிவேட்டை வரவழைத்தேன். தோற்ற இருவருக்கும் பணம் திரும்பக் கொடுக்கப்பட்ட நாளில், இரண்டு வரிகளிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் ஒரே கையெழுத்து இருந்தது. வென்றவரின் அலுவலக ஆள் இரண்டு அதிகாரக் கடிதங்களோடு வந்து வாங்கிப் போயிருந்தார். அந்தக் கடிதங்களும் ஒரே எழுத்துருவில், ஒரே வாசகத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தன.

எழுத்துப்பிழையைப் பற்றி ஒரு சொல். ஒரே பிழை மூன்று கவர்களில் இருந்தால் உடனே துள்ளிக் குதித்துவிடக் கூடாது. அலுவலகம் கொடுத்த மாதிரிப் படிவத்திலேயே அந்தப் பிழை இருந்தால் எல்லோரும் அதைத்தான் படியெடுத்திருப்பார்கள். படிவத்தில் இல்லாத பிழை, குறிப்பாகக் கணக்குப் பிழை, இரண்டு பேரிடம் ஒரே இடத்தில் வந்தால்தான் அதற்கு எடை அதிகம்.

இப்போது பெரும்பாலான டெண்டர்கள் இணையவழியில் நடக்கின்றன. கவர் போய்விட்டது, தடயமும் போய்விட்டது என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியும் எந்த நேரத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தது என்பதை டெண்டர் தளம் பதிந்து வைக்கிறது. ஐ.பி. முகவரி என்பது இணைய இணைப்புக்கான வீட்டு எண் போன்றது. ஒரே எண்ணிலிருந்து 20 நிமிட இடைவெளியில் மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வந்தால் கேள்வி எழும்.

ஆனால் கேள்வி மட்டும்தான் எழும். சிறு நகரங்களில் ஒப்பந்தக்காரர்களில் பலர் தாங்களே இணையத்தில் ஏற்றுவதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றித்தரும் கணினி மையம் ஒன்றோ இரண்டோதான் ஊரில் இருக்கும். எதிரிகளும் அங்கேதான் போவார்கள். அந்த மையத்தின் முகவரியாக இருந்தால், ஒரே ஐ.பி. எண் என்பது அடையாளமாகவே நிற்காது. வென்றவரின் சொந்த அலுவலக இணைப்பாக இருந்தால் கதை வேறு. ஆகவே அதே எண் அந்த ஊரில் சம்பந்தமில்லாத மற்ற டெண்டர்களிலும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே குறிப்பு எழுத வேண்டும்.

சுருக்கமாகப் பார்த்தால், விலைகளின் இணை ஓட்டமும் காகிதங்களின் ஒற்றுமையும் இரண்டு தனித்தனி வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நியாயமான விளக்கம் இருக்க முடியும். இரண்டும் ஒரே கோப்பில் சேர்ந்து வரும்போது அந்த விளக்கங்கள் சுருங்கிக்கொண்டே போகும்.

## ஒரு கோப்பில் தெரியாதது பன்னிரண்டில் தெரியும்

கெட்டிக்காரச் சிண்டிகேட் மேலே சொன்ன தவறுகளைச் செய்யாது. வெவ்வேறு வங்கிக்குப் போவார்கள், விலையைச் சீரில்லாமல் மாற்றி எழுதுவார்கள். ஒரு கோப்பை எத்தனை முறை படித்தாலும் எதுவும் கிடைக்காது. அப்போது கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த வேண்டும்.

அதே நகராட்சியில் ஓராண்டில் 12 வடிகால் பணிகள் நடந்தன என்று கொள்வோம். ஒரு தாளில் தேதி வரிசைப்படி எழுதுங்கள்: எந்த வார்டு, மதிப்பீடு எவ்வளவு, யார் யார் விலை கேட்டார்கள், ஒவ்வொருவரும் மதிப்பீட்டைவிட எத்தனை விழுக்காடு கூடுதல், யார் வென்றார். நான்கு ஒப்பந்தக்காரர்கள், ஆளுக்கு மூன்று வெற்றி, ஆளுக்குச் சுமார் ₹95 லட்சம் என்று கணக்கு அழகாக முடிந்தால் அது கவனிக்க வேண்டியது. சந்தை இவ்வளவு நீதியாகப் பங்கு பிரிப்பதில்லை. ஒருவர் ஐந்து எடுப்பார், இன்னொருவர் ஒன்றுகூட எடுக்காமல் போவார்.

ஆனால் நான் அதிகம் நம்புவது வெற்றிகளின் எண்ணிக்கையை அல்ல. ஒரே ஆளின் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான். ஜூனில் மூன்றாவது வார்டு வடிகாலுக்கு ஆ 4.5 விழுக்காடு கூடுதலாகக் கேட்டு வென்றார். ஜூலையில் அடுத்த தெருவில், நான்காவது வார்டில், அதே வகை வடிகாலுக்கு 12 விழுக்காடு கூடுதலாகக் கேட்டுத் தோற்றார். சிமென்ட் விலை மாறவில்லை. கம்பி விலை மாறவில்லை. மண்ணும் அதே மண். செலவு மாறாதபோது ஒருவருடைய விலை இவ்வளவு துள்ளினால், அந்த விலை செலவிலிருந்து பிறக்கவில்லை என்று பொருள். முறை யாருடையது என்பதிலிருந்து பிறந்திருக்கலாம்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் நடந்த நெடுஞ்சாலை டெண்டர்களை ராபர்ட் போர்ட்டர், டக்ளஸ் ஜோனா என்ற பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். கூட்டில் சேராதவர்களின் விலை வரிசை அவர்களுடைய செலவு நிலையோடு ஒத்துப்போனது. கூட்டில் இருந்தவர்களின் தோற்ற விலைகளுக்கும் செலவுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. டம்மி விலையைக் காட்டிக்கொடுப்பது இந்த அறுபட்ட தொடர்புதான்.

இங்கேயும் ஒரு நியாயமான விளக்கத்தை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். ஜூனில் ஒரு வேலை எடுத்துவிட்ட ஆவுக்கு ஜூலையில் ஆட்களும் இயந்திரமும் கையில் இல்லாமல் போயிருக்கலாம். வாடகைக்கு எடுத்துச் செய்தால் செலவு கூடும். அதனால் உண்மையாகவே விலையை ஏற்றியிருக்கலாம். அதைச் சரிபார்க்க வழி உண்டு. அந்த மாதத்தில் அவர் கையில் எத்தனை வேலை இருந்தது என்பது, செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகங்களிலும், அதற்குப் பணம் கேட்டு வந்த பட்டியல்களின் பதிவேட்டிலும் தெரியும். மூன்றாவது வார்டு வேலையையே அவர் செப்டம்பரில்தான் தொடங்கினார் என்றால், ஜூலையில் ஆள் இல்லை என்ற விளக்கம் நிற்காது.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்த பிறகு உண்மையில் யார் செய்தார் என்று பாருங்கள். நான்காவது வார்டில் அ வென்றார். ஆனால் களத்துக்கு ஜல்லி வந்த ரசீதில் ஆ-வின் பெயர் இருக்கிறது, தர ஆய்வுக்கூடத்துக்குக் கான்கிரீட் கட்டிகளைக் கொண்டுபோனவர் ஆ-வின் மேஸ்திரி. டெண்டரில் 12 விழுக்காடு கூடுதல் கேட்டுத் தோற்றவர், அதே வேலையை அதைவிடக் குறைந்த தொகைக்கு இன்னொருவருக்குச் செய்துகொடுக்கிறார் என்றால், அந்த விலைக்கு நகராட்சிக்கே செய்திருக்க முடியுமே.

## ஒரே விலை கேட்டாலே சதியா?

இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்தால் தெளிவு கிடைக்கும்.

முதலாவது, இந்திய உணவுக் கழகத்தின் வழக்கு. கிடங்குகளில் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை அது டெண்டர் மூலம் வாங்கியது. 2009இல் மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு ₹388 என்று ஒரே விலையைக் கேட்டன. கழகத்தின் தலைவரே 2011இல் போட்டி ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். வெவ்வேறு செலவுள்ள நிறுவனங்கள் ஒரே விலைக்கு எப்படி வந்தன என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் கிடைக்கவில்லை. கூட்டுச்சதி நடந்தது என்ற முடிவை 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இரண்டாவது, சமையல் எரிவாயு சிலிண்டர் வழக்கு. 2010இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் டெண்டரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிலிண்டர் தயாரிப்பாளர்கள் மாநிலவாரியாக ஒரே விலையை, அல்லது மிக நெருங்கிய விலையைக் கேட்டார்கள். கவர் திறப்பதற்குச் சில நாள் முன் அவர்களில் பலர் மும்பையில் ஒரு விடுதியில் கூடியும் இருந்தார்கள். பார்த்தவுடன் சதி என்றுதான் தோன்றும். ஆணையமும் அப்படித்தான் தண்டித்தது. ஆனால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. காரணம், அந்தச் சந்தையின் அமைப்பு. சிலிண்டரை வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள் மட்டுமே. பொருள் ஒரே அளவு, ஒரே தரம். எல்-1 ஆனவரோடு பேரம் பேசி, அந்த விலைக்கே மற்றவர்களுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் பேசிவைக்காமலே விலைகள் ஒன்றாக வந்து நிற்க முடியும் என்றது நீதிமன்றம்.

இரண்டிலும் வெளியே தெரிந்த அடையாளம் ஒன்றே. வேறு விளக்கம் இருந்ததா, இல்லையா என்பதில்தான் முடிவு மாறியது. ஆகவே தணிக்கையாளர் ஒரு ஒற்றுமையைக் கண்டால், "பேசிவைக்காமல் இது நடக்க வழி உண்டா?" என்ற கேள்விக்குத் தானே விடை தேடிவிட்டு, அந்தத் தேடலையும் குறிப்பில் எழுத வேண்டும்.

## கண்ட பிறகு என்ன செய்வது

தணிக்கையாளருக்கு ஒப்பந்தக்காரரின் தொலைபேசிப் பதிவை வாங்கும் அதிகாரம் கிடையாது. அவருடைய வங்கிக் கணக்கைத் திறக்கவும் முடியாது. அந்த அதிகாரம் கண்காணிப்புத் துறைக்கும், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவுக்கும் உண்டு. நம்மால் முடிந்தது, அவர்கள் வருவதற்குள் தடயம் அழியாமல் பார்த்துக்கொள்வது.

அதனால்தான் சந்தேகம் வந்தவுடன் ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பலர் ஆர்வக்கோளாறில் இதைச் செய்துவிடுகிறார்கள். மறுநாளே மூன்று பேரும் ஒரே பதிலோடு வருவார்கள். கணினியில் இருந்த கோப்புகள் காணாமல் போகும். முதலில் செய்ய வேண்டியது, தோற்றவர்களின் அசல் காகிதங்களைக் கைப்பற்றி வைப்பது. வேலை ஒப்படைத்த பின் அவற்றை யாரும் மதிப்பதில்லை. பல அலுவலகங்களில் வென்றவரின் ஒப்பந்தம் மட்டும் கோப்பில் தங்கும், மற்ற கவர்கள் பதிவறையின் மூலையில் கட்டாகக் கிடக்கும், அல்லது பழைய தாள்களோடு எடைக்குப் போகும். இணையவழி டெண்டர் என்றால் ஐ.பி. முகவரியும் நேரமும் உள்ள பதிவை எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு குறிப்பு எழுதுவது. "ஒப்பந்தக்காரர்கள் கூட்டுச்சதி செய்துள்ளனர்" என்று எழுதினால், "ஆதாரம் இல்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு அந்தப் பத்தி முடிந்துவிடும். நான் கண்ட சாலைப் பணிக்கு எழுதியது இப்படி: "மூன்று ஒப்பந்தப்புள்ளிகளுக்கான வரைவோலைகளும் ஒரே நாளில், ஒரே கிளையில், அடுத்தடுத்த எண்களில் பெறப்பட்டுள்ளன. எல்-2, எல்-3 ஆகியோரின் முன்வைப்புத் தொகையை எல்-1இன் பணியாளர் பெற்றுச் சென்றுள்ளார். இவற்றை ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தபோது அலுவலகம் கவனத்தில் கொண்டதா என்பதற்குக் கோப்பில் பதிவு இல்லை. இதே மூவர் கடந்த இரண்டு நிதியாண்டுகளில் கலந்துகொண்ட பணிகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது." நான்கு வாக்கியங்களிலும் மறுக்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. பட்டியலைப் பார்த்த மேலதிகாரி அன்றே மற்ற கோப்புகளின் கவர்களையும் பதிவறையிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.